எல்லோருக்கும் புரிந்த அறிவித்தல்: அஜக்ஸ் தெருக் கதையொன்றில் குழப்பம் எங்கே பிறக்கிறது?

1. கேள்வி

கடைக்காரர் ஒருவர் சரக்கு வரும் நாளை மாற்றுகிறார். அதைக் கையால் எழுதிக் கதவில் ஒட்டுகிறார். தெரு முழுவதும் குழம்பிப்போகிறது. சிறுகதைக்கு நன்றாகப் பொருந்தும் இந்தக் கருவை எழுத உட்காருபவருக்கு இரண்டு சுலபமான வழிகள் உண்டு. கடைக்காரருக்கு ஒழுங்காக எழுத வராது என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது தெருவாருக்கு ஒழுங்காக வாசிக்க வராது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் சிரிப்பு வரும், ஆனால் இரண்டும் கருவை வீணடித்துவிடும். யாரோ ஒருவர் முட்டாள் என்பதுதான் அந்தக் கதைகளின் முடிவாக இருக்கும்.

இக்கட்டுரை வேறொரு சாத்தியத்தைப் பரிசீலிக்கிறது. எழுதத் தெரிந்த ஒருவர் எழுதியதை வாசிக்கத் தெரிந்த பலர் வாசிக்கிறார்கள். எவரும் பிழை விடவில்லை. ஆனாலும் தெரு குழம்புகிறது. அப்படியானால் குழப்பம் பிறக்கும் இடம் எது? இதை ஆராய, கதையை அஜக்ஸ் நகரின் ஒரு தெருவில் வைத்துப் பார்க்கிறேன். கதையும் மாந்தரும் கற்பனை. நகரமும் மொழிப் பழக்கங்களும் மேற்கோளாக வரும் ஆய்வுகளும் உண்மை.

அஜக்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ரொறொன்ரோவுக்குக் கிழக்கே, ஒன்ராறியோ ஏரிக்கரையில், டர்ஹம் பிராந்தியத்தில் உள்ள நகரம் இது. 1941இல் எழுந்த எறிகணைத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்து, 1939 டிசம்பரில் ரிவர் பிளேட் கடற்சமரில் பங்கெடுத்த போர்க்கப்பலின் பெயரைச் சூடிக்கொண்டது. 2021 குடிசன மதிப்பீட்டின்படி 1,26,666 பேர் வாழ்கிறார்கள். தமிழர் இங்கே கணிசமாக உள்ளனர். யாழ்ப்பாணத்தார், வன்னியார், தமிழ்நாட்டார், தமிழைப் பேசுவார்கள் ஆனால் வாசிக்கமாட்டார்கள் என்ற நிலையிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் ஒரே கடைக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி இருக்கிறது. அந்த மொழியில் நாட்களை எண்ணும் பழக்கம் மட்டும் ஒன்றாக இல்லை.

2. கதை

கடைக்கு மீன் வாரத்தில் ஒருமுறை, வியாழக்கிழமை வரும். விளைமீன், பாரை, கணவாய், நண்டு என்று ஐஸ் பெட்டிகளில் வந்திறங்கும். மொத்த வியாபாரியின் லொறிப் பாதை மாறியதால் இனிமேல் புதனில்தான் இறக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். 2025 மே 31, சனிக்கிழமை இரவு, கடையைப் பூட்டுமுன் கடைக்காரர் ஒரு தாளில் எழுதி ஒட்டுகிறார்:

"அறிவித்தல். வாற கிழமை மீன் ஒரு நாள் முன்னுக்குத் தள்ளியிருக்கு. நன்றி."

அவர் சொல்ல வந்தது இது: ஜூன் 4ஆம் திகதி புதனிலிருந்து, இனி எப்போதும், புதன்தான்.

முதலில் வாசிப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். சனி இரவே, கடைக்காரர் தாளை ஒட்டிக்கொண்டு நிற்கும்போதே பார்க்கிறார். ஜூன் 4, புதன் என்று சரியாக எடுத்துக்கொள்கிறார்.

இரண்டாமவர் தாதியாக வேலை செய்யும் பெண். இரவு வேலை முடித்துத் திங்கள் காலை பால் வாங்க வருகிறார். இலங்கைத் தமிழில் "வாற கிழமை" என்றால் அடுத்த வாரம். ஆகவே இந்த வாரம் வழமைபோல வியாழன், ஜூன் 5. அடுத்த வாரம்தான் புதன், ஜூன் 11.

மூன்றாமவர் கோயம்புத்தூர்க்காரர், பொறியாளர். அவருக்குக் கிழமை என்பது வாரமல்ல, நாள். வரப்போகிற மீன் நாள், அதாவது வியாழன், ஒரு நாள் தள்ளிப்போயிருக்கிறது. ஆகவே வெள்ளி, ஜூன் 6.

பொறியாளரின் மனைவி அதைப் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பெண்மணிக்குச் சொல்கிறார். வெள்ளியில் இறைச்சியை விலக்கி மீன் சமைக்கும் வீடு அது. கடைக்காரர் தங்களை நினைத்துத்தான் நாளை மாற்றியிருக்கிறார் என்று அவர் மகிழ்கிறார். அடுத்த வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் மச்சம் தொடாத சைவக் குடும்பம். அங்கே அதே செய்தி மனத்தாங்கலாகிறது: "எங்களை யோசிச்சுப் பாத்தவரே?"

புதன் மீன் வருகிறது. ஆசிரியர் மட்டும் வந்து நல்ல விளைமீனாகத் தெரிந்தெடுத்துப் போகிறார். வியாழன் தாதி வருகிறார். மீன் இருக்கிறது, ஆனால் கண் சற்று உள்ளே போய்விட்டது, செவுளின் சிவப்பு மங்கிவிட்டது. கடைக்காரர் பழைய மீனை விற்கிறார் என்று அவர் நினைக்கிறார். வெள்ளி கத்தோலிக்கப் பெண்மணியும் பொறியாளரும் வரும்போது நண்டு முடிந்துவிட்டது.

தாளை யாரும் எடுக்கவில்லை. ஜூன் மத்தியில் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த இளைஞர் ஒருவர், சென்ற வாரம் புதன்கிழமை மீன் வந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர், இப்போது தாளை வாசிக்கிறார். ஒரு நாள் முன்னுக்கு என்றால் செவ்வாய். அவர் செவ்வாய்க்கிழமை பையோடு வந்து நிற்கிறார்.

3. கிடைக்கும் விளக்கங்கள்

இப்படிப்பட்ட குழப்பத்துக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் கைவசம் இருக்கின்றன. ஒன்று சொல்லின் மீது பழி போடுவது: "முன்னுக்குத் தள்ளியிருக்கு" என்பது இருபுறமும் இழுக்கும் தொடர், அதைத் திருத்தினால் போதும் என்பது. மற்றது தெருவின் மீது பழி போடுவது: வாய்மொழியாகப் பரவும்போது செய்தி திரிகிறது என்பது.

இரண்டாவது விளக்கத்துக்குப் பின்னால் பெரிய ஆய்வு மரபு இருக்கிறது. கோர்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் 1947இல் வெளியிட்ட வதந்தி பற்றிய நூலில், ஒரு வதந்தியின் வலு, விடயத்தின் முக்கியத்துவத்தையும் அதன் தெளிவின்மையையும் பெருக்கி வருவது என்றார்கள். இரண்டில் ஒன்று பூச்சியமானால் வதந்தியும் இல்லை. செய்தி கைமாறும்போது விவரங்கள் உதிர்கின்றன, எஞ்சியவை கூர்மையாகின்றன, கேட்பவரின் பழக்கத்துக்கு ஏற்ப உருமாறுகின்றன என்றும் காட்டினார்கள். நம் கதையில் பொறியாளர் வீட்டிலிருந்து புறப்பட்ட செய்தி "மீன் வெள்ளிக்காம்" என்று சுருங்கியது இந்த விவரிப்புக்குப் பொருந்துகிறது. கத்தோலிக்க வீட்டில் அது அக்கறையாகவும் சைவ வீட்டில் புறக்கணிப்பாகவும் மாறியதும் பொருந்துகிறது.

ஆனால் இவ்விளக்கம் ஓரிடத்தில் தடுக்குகிறது. தாதி யாரிடமும் கேட்டறியவில்லை. தாளைத் தானே வாசித்தார். செவ்வாய்க்கிழமை வந்த இளைஞரும் அப்படியே. வாய்மொழி ஒரு குழப்பத்தைப் பரப்பியது, ஆனால் எல்லாக் குழப்பத்தையும் அது உண்டாக்கவில்லை. ஆகவே தாளுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

4. திசை

முதல் விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இதற்குப் புகழ்பெற்ற பரிசோதனை ஒன்று உண்டு. புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் முன்னோக்கி நகர்த்தப்பட்டுள்ளது என்ற ஆங்கில வாக்கியத்தைக் கேட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் திங்கள் என்கிறார்கள், பாதிப்பேர் வெள்ளி என்கிறார்கள். மக்ளோனும் ஹார்டிங்கும் 1998இல் இவ்வகை வாக்கியங்களை ஆராய்ந்தார்கள். லெரா பொரொடிட்ஸ்கியும் மைக்கல் ராம்ஸ்காரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. விமானத்திலிருந்து அப்போதுதான் இறங்கியவர்கள், அவர்களை அழைத்துப்போகக் காத்து நின்றவர்களைவிட, வெள்ளி என்று சொல்ல அதிகம் முனைந்தார்கள். சாப்பாட்டு வரிசையில் கூடுதலாக முன்னேறியவர்களும் அப்படியே. தான் காலத்தினூடே நகர்வதாக உணர்பவருக்கு முன்னோக்கி என்பது தான் போகும் திசை, அதாவது வெள்ளி. காலம் தன்னை நோக்கி வருவதாக உணர்பவருக்கு அது திங்கள்.

இதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. காலத்தைப் பேசும்போது தமிழில் "முன்" பெரும்பாலும் கடந்ததைக் குறிக்கும், "பின்" வரப்போவதைக் குறிக்கும். இரண்டு நாளைக்கு முன் என்றால் எவரும் வரப்போகும் நாளை நினைப்பதில்லை. ஆகவே கடைக்காரர் "ஒரு நாள் முந்தி வரும்" என்று மட்டும் எழுதியிருந்தால் திசையில் தகராறு வந்திராது. தகராறு "தள்ளி" என்ற சொல்லால் வருகிறது. கலியாணம் தள்ளிப்போனது, பரீட்சை தள்ளிவைக்கப்பட்டது என்று கேட்டுப் பழகிய காதுக்குத் தள்ளுதல் என்பது பிற்போடுதல். "முன்னுக்கு" ஒரு பக்கம் இழுக்க, "தள்ளி" மறுபக்கம் இழுக்கிறது. ஆசிரியர் முதற்சொல்லை நம்பினார், பொறியாளர் இரண்டாவதை நம்பினார். இருவருக்கும் மொழி ஆதாரம் தருகிறது.

பரிசோதனையிலிருந்து தமிழுக்கும் பொருந்துவது வேறொன்று. அதில் பங்கெடுத்தவர்கள் தயங்கவில்லை. வாக்கியத்துக்கு இரண்டாவது பொருள் உண்டு என்பது பெரும்பாலோரின் கவனத்துக்கே வருவதில்லை. வேறொருவர் மற்ற நாளைச் சொல்லும்போதுதான் அவர்கள் வியக்கிறார்கள். இந்தக் கவனிப்பு நம் கேள்விக்கு மிக முக்கியம். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

5. எழுதிய நேரமும் வாசித்த நேரமும்

திசையைத் திருத்திவிட்டாலும் தாதியின் வாசிப்பு திருந்தாது. அவர் திசையைச் சரியாகவே புரிந்துகொண்டார், வாரத்தில்தான் தவறினார். "வாற கிழமை" என்பதை அவர் திங்களில் நின்று எண்ணினார், கடைக்காரர் சனியில் நின்று எழுதினார். இடையில் ஒரு ஞாயிறு கடந்துவிட்டது. அவ்வளவுதான்.

சார்ல்ஸ் ஃபில்மோர் 1971இல் சாந்தா குரூஸில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இதன் அடிப்படையை விளக்கினார். "இங்கே", "நாளை", "நான்" போன்ற சொற்களுக்குத் தாமாகப் பொருள் முழுமையாவதில்லை. யார், எங்கே, எப்போது சொன்னார் என்பது தெரிந்தால்தான் அவை எதையாவது சுட்டும். நேருக்கு நேர் பேசும்போது சொல்லும் நேரமும் கேட்கும் நேரமும் ஒன்று, ஆகவே சிக்கலில்லை. எழுத்தில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. போத்தலில் அடைத்துக் கடலில் விட்ட கடிதம் நாளை நண்பகல் இங்கே வந்து சந்திக்கச் சொன்னால் யார், எங்கே, என்றைக்குப் போவது என்பது அவர் தந்த உதாரணம்.

கடைக்கதவுத் தாள் அந்தக் கடிதத்தைவிட ஏமாற்றக்கூடியது. போத்தலைக் கண்டெடுப்பவருக்கு அது எப்போதோ எழுதப்பட்டது என்பது தெரியும். கதவில் ஒட்டிய தாள், வாசிப்பவருக்கு அந்தக் கணத்தில் பேசுவதுபோலத் தோன்றும். அதிலும் கையெழுத்து கடைக்காரரின் குரலாகவே ஒலிக்கிறது. அச்சிட்ட சுவரொட்டியைப் பார்த்தால் இது எப்போது ஒட்டியது என்று கேட்கத் தோன்றலாம். தெரிந்த அண்ணையின் கையெழுத்தைப் பார்க்கும்போது அவர் இப்போது நேரில் சொல்வதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. ஒருவர் தாளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னொரு நேரமும் சேர்ந்துகொள்கிறது: படம் வந்த நேரம்.

செவ்வாய்க்கு வந்த இளைஞரின் வாசிப்பு இன்னும் ஆழமான குறையைக் காட்டுகிறது. அறிவித்தல் ஒரு நிலையைச் சொல்லவில்லை, ஒரு மாற்றத்தைச் சொல்கிறது. "புதனில் வரும்" என்பது நிலை. "ஒரு நாள் முன்னுக்கு" என்பது மாற்றம். மாற்றத்தைப் புரிந்துகொள்ளத் தொடக்கம் தெரியவேண்டும். வியாழனைத் தெரிந்தவர் அதிலிருந்து கழிக்கிறார். புதனை மட்டும் கண்டவர் புதனிலிருந்து கழிக்கிறார். தாள் கதவில் இருக்கும்வரை, புதிதாக வருபவர் ஒவ்வொருவருக்கும் மீன் மேலும் ஒரு நாள் முந்தும்.

கணக்கைத் தொகுத்துப் பார்க்கலாம். எந்த வாரம் என்பதில் இரண்டு வழி, எந்தத் திசை என்பதில் இரண்டு வழி, இந்த ஒருமுறை மட்டுமா இனி எப்போதுமா என்பதில் இரண்டு வழி. அறிவித்தலின் செய்திப் பகுதியில் உள்ளவை 7 சொற்கள்; அவை தரும் வாசிப்புகள் 8. தொடக்க நாள் தெரியாதவருடைய வாசிப்பு இந்த எட்டிலும் சேராது.

6. ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

கடை திறந்திருக்கிறது, கடைக்காரர் உள்ளே நிற்கிறார். ஒரு கேள்வியில் எல்லாம் தீர்ந்துவிடும். ஆகவே கதையை ஏற்பதற்கு வாசகர் எழுப்பும் நியாயமான தடை இதுதான்.

ஆல்போர்ட்–போஸ்ட்மன் சூத்திரத்தின்படி, தெளிவின்மையை உணர்ந்தவர் ஊகிப்பார், பேசுவார், விசாரிப்பார். நம் தெருவில் எவரும் தெளிவின்மையை உணரவில்லை. முன்பு சொன்ன பரிசோதனைக் கவனிப்பு இங்கேதான் பொருந்துகிறது. ஆசிரியருக்குப் புதன், தாதிக்கு வியாழன், பொறியாளருக்கு வெள்ளி. மூவருக்கும் வாக்கியம் கண்ணாடிபோலத் தெளிவு. குழப்பம் தெருவுக்கு இருக்கிறது, தெருவில் உள்ள ஒருவருக்கும் இல்லை. ஐயம் இல்லாதவர் கேள்வி கேட்பதில்லை.

கேட்டாலும் கேள்வி எந்த வடிவில் வரும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கனவே முடிவு கட்டியவர் "மீன் எண்டைக்கு வரும்?" என்று கேட்பதில்லை.

"அண்ணை, மீன் வெள்ளி இருக்கும்தானே?"

"ஓம், ஓம், இருக்கும்."

கல்லாவில் காசு எண்ணிக்கொண்டிருப்பவர் பொய் சொல்லவில்லை. புதன் வந்த மீன் வெள்ளியும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். "தானே" என்று முடியும் கேள்வி ஆமோதிப்பைக் கையோடு கொண்டுவருகிறது. மறுக்க வலுவான காரணம் இருந்தால்தான் மறுப்பு வரும். உரையாடலில் ஒவ்வொருவரும் தேவையான அளவு தகவலைத் தருவார் என்ற எதிர்பார்ப்பில்தான் நாம் பேசுகிறோம் என்று தத்துவவாதி போல் கிரைஸ் விளக்கினார். கேட்டவர் அந்த எதிர்பார்ப்பில், வெள்ளிதான் மீன் வரும் நாள் என்று உறுதிப்படுத்திக்கொண்டு போகிறார். கடைக்காரரோ கேட்ட கேள்விக்குத் தேவையான அளவு பதில் சொல்லிவிட்டதாக நினைக்கிறார். விசாரித்ததால் பிழை இன்னும் உறுதியாகிவிடுகிறது.

7. திருத்திய அறிவித்தல்

இந்த விளக்கம் சரியா என்பதைச் சோதிக்க ஒரு வழி, அதன்படி அறிவித்தலைத் திருத்திப் பார்ப்பது. சுட்டும் சொற்களை நீக்கி, மாற்றத்துக்குப் பதில் நிலையைச் சொல்லி, தொடக்கத்தையும் எழுதிய நாளையும் சேர்த்தால் இப்படி வரும்:

"மீன் இனி ஒவ்வொரு புதனும் வரும். முதல் புதன்: ஜூன் 4. வியாழனில் வராது. எழுதியது: மே 31, சனி."

தாதி எந்த நாள் வாசித்தாலும் ஜூன் 4 அசையாது. பொறியாளருக்குத் திசையே தேவைப்படாது. இளைஞருக்குப் பழைய நாள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "இனி ஒவ்வொரு" என்பது எவ்வளவு காலத்துக்கு என்ற கேள்வியை மூடிவிடுகிறது. மாதத்தின் பெயரைச் சொல்லாக எழுதியதும் காரணத்தோடுதான். 04/06 என்று எழுதினால் இலங்கையிலும் இந்தியாவிலும் படித்தவர்கள் ஜூன் 4 என்பார்கள்; அமெரிக்க முறைக்குப் பழகிய அவர்களின் பிள்ளைகள் ஏப்ரல் 6 என்பார்கள். கனடாவில் இரண்டு வழக்கமும் அருகருகே புழங்குகின்றன. அதனால்தான் முழு எண்ணில் எழுதும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை இங்கே தரமாக முன்வைக்கப்படுகிறது.

இந்தத் திருத்தத்திலும் ஒரு பலவீனம் இருக்கிறது. "வியாழனில் வராது" என்ற வரியைப் போகிற போக்கில் பார்ப்பவர் வியாழன் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம். அதை நீக்கினால், வியாழனில் இன்னொரு தடவையும் வரும் என்று பழைய வாடிக்கையாளர் நினைக்கலாம். புதனைப் பெரிதாகவும் வியாழனைச் சிறிதாகவும் எழுதுவது ஒரு சமாளிப்பு, தீர்வென்று சொல்லமுடியாது. தமிழ் வாசிக்காத பிள்ளைகளுக்கு ஆங்கில வரி ஒன்றும் வேண்டும். அந்த வரியில் "நெக்ஸ்ட் வெட்னஸ்டே" என்று எழுதினால் எல்லாம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

8. கதை எழுதுபவருக்கு

மேலே சொன்னவற்றிலிருந்து கதையின் அமைப்புக்குச் சில முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, இக்கதையை ஒரு பாத்திரத்தின் பார்வையில் மட்டும் சொல்ல முடியாது. எந்த ஒருவரின் மனத்துக்குள் போனாலும் அங்கே தெளிவுதான் இருக்கும். தாதியின் பார்வையில் சொன்னால் அது பழைய மீன் விற்கும் கடைக்காரரைப் பற்றிய கதை. சைவ வீட்டின் பார்வையில் சொன்னால் மதிக்கப்படாத குடும்பத்தின் கதை. குழப்பத்தைக் காட்ட, வாசிப்புகள் சந்திக்கும் ஓரிடம் வேண்டும். மீன் பெட்டிக்கு முன்னுள்ள வரிசை அதற்குப் பொருத்தமான இடம்.

இரண்டாவது, தாளில் உள்ள வாக்கியத்தைக் கதை ஒரு எழுத்தும் மாறாமல் வாசகருக்குக் காட்ட வேண்டும். சுருக்கிச் சொன்னால் சொல்லும் கதைசொல்லியே ஒரு பொருளைத் தேர்ந்துவிடுவார். முழுமையாகக் காட்டினால் வாசகரும் தன்னையறியாமல் ஒரு நாளைத் தேர்ந்துவிடுவார். பின்னர் இன்னொரு பாத்திரம் வேறு நாளில் வந்து நிற்கும்போது, தானும் தெருவில் ஒருவர் என்பது அவருக்குத் தெரியவரும்.

மூன்றாவது, கதையின் முடிவைப் பற்றியது. கடைக்காரர் மன்னிப்புக் கேட்டோ தெருவார் அவரைப் பேசியோ கதை முடிந்தால், பழி யார்மீதோ விழுந்து கேள்வி மூடப்பட்டுவிடும். அதைவிடப் பொருத்தமான முடிவு, அவர் நல்லெண்ணத்தோடு இரண்டாவது தாள் ஒன்றை எழுதுவது: "முந்தின அறிவித்தல் பிழை. மீன் வழமைபோல." எது முந்தின அறிவித்தல், வழமை என்பது இப்போது எந்த நாள் என்று வரிசையில் நிற்பவர்களில் ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் இதுவும் அவர்கள் எல்லோருக்கும் புரிந்துவிடும்.